மணக்கும் அறையும் பிரட்டும் வயிறும்

வாசகர் கேள்வி:

வணக்கம் மிஸ்ஸி. நான் உப்புவெளியில் இருக்கிறேன். அம்மாவுக்கு 63 வயது, இடப்பக்க மார்பில் புற்றுநோய். முந்திக் கீமோ எடுத்தவர். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மோர்பின் குடிக்கிறார். புண் வெடித்து வெடுக்கடிக்கிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறோம். கனடாவில் இருக்கும் அக்கா, அங்கே ஆஸ்பத்திரிகளில் நர்ஸ்மாரே பாவிக்கிறார்கள் என்று சொல்லி லவண்டர் ஒயிலும் புகை விடுகிற மெஷினும் அனுப்பினார். பத்துத் துளி விட்டு இரவு முழுக்கப் போடுகிறோம், பின்னேரம் சாம்பிராணியும் காட்டுகிறோம். ஒரு கிழமையாக அம்மா சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளிக்கிறார், தலையிடி என்கிறார், கதவைத் திறந்து விடு என்கிறார். அவரோடேயே படுக்கிற எனக்கு அறையில் பெரிதாக மணம் ஒன்றும் தெரியவில்லை. ஒயில் கூடாததா, இல்லை நாங்கள் பாவிக்கிற விதம் பிழையா?

பதில்:

தங்கச்சி, இன்றைக்கு இரவு மெஷினைப் போடாதீர்கள். சாம்பிராணியும் வேண்டாம். கதவைத் திறந்து விடு என்று அம்மா சொன்னாரே, அதைச் செய்யுங்கள். மற்றதையெல்லாம் ஆறுதலாகக் கதைப்போம்.

அக்கா சொன்னது பொய் இல்லை. நான் இங்கே ஓய்வு பெறுவதற்கு முன் இரண்டு வருடம் இங்கிலாந்தில், குணமாக்க முடியாத நோயாளிகளைப் பராமரிக்கிற ஒரு ஹொஸ்பிஸில் வேலை செய்தேன். அங்கே மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் போத்தல்களில் லவண்டர், தோடை, இஞ்சி, பெப்பர்மின்ட் எல்லாம் பூட்டி வைத்திருப்போம். ஆனால் அவை பாவிக்கப்பட்ட விதத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பெரும்பாலும் ஒரே ஒரு துளிதான். அதுவும் அறைக்கு இல்லை, ஒரு ஆளின் மூக்குக்கு.

முதலில் போய்க் கேட்போம். “அம்மா, உங்களுக்கு எந்த மணம் பிடிக்கும், எது பிடிக்காது? முட்டு வருத்தம் இருக்கா? தலையிடி வருகிற ஆளா? கீமோ எடுத்த நாட்களில் எந்த மணத்துக்கு வயிறு பிரட்டியது?” பதிலை எழுதி வைப்போம். பிறகு மூடியைக் கழற்றி, போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாமல், ஒரு கையளவு தள்ளிப் பிடித்து ஒருமுறை காட்டுவோம். முகம் சுளித்தால் அதோடு முடிந்தது. பிடித்திருந்தால் ஒரு துண்டு கோஸ் துணியில் ஒரு துளி விட்டு, சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் குத்தி விடுவோம், அல்லது கையில் கொடுப்போம். சிலருக்கு லிப்ஸ்டிக் அளவில் ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஒரு பஞ்சுத் திரி. வேண்டும் என்கிறபோது மூடியைத் திறந்து இரண்டு மூன்று தரம் மூச்சு இழுப்பார்கள், மூடி வைப்பார்கள். ஐந்து பத்து நிமிடம் கழித்துப் போய், முதலில் இருந்த பிரட்டல் அல்லது பதற்றம் பத்துக்கு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேட்டு சார்ட்டில் எழுதுவோம். குறையவில்லை என்றால் அதை விட்டுவிட்டு மருந்துக்குப் போவோம்.

துணியையும் குழாயையும் நோயாளியின் கையிலேயே கொடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் துணியைத் தூக்கி எறியலாம், குழாயை மூடலாம். காற்றில் கலந்த மணத்தை என்ன செய்வது? நீங்களும் நானும் எழும்பி விறாந்தைக்குப் போய்விடுவோம். படுக்கையில் கிடக்கிற ஆள் எங்கே போவார்? அவரால் செய்யக் கூடியது கதவைத் திறக்கச் சொல்வது மட்டும்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பிழை விட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான்கு கட்டில் போட்ட ஒரு அறையில், நித்திரை இல்லாமல் தவித்த ஒரு பெண்ணுக்காக ஹீட்டருக்கு மேலே லவண்டர் விட்ட ஈரத் துணியைப் போட்டேன். அந்த அம்மா அழகாகத் தூங்கினார். பக்கத்துக் கட்டிலில் சுவாச நோயோடு கிடந்த ஐயாவுக்கு அரை மணித்தியாலத்தில் இழுக்கத் தொடங்கிவிட்டது. நெபுலைசர் வைக்க வேண்டி வந்தது. அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. மணம் மருந்து என்றால், பக்கத்துக் கட்டில்காரருக்கும் சேர்த்து மருந்து கொடுத்திருக்கிறேன் இல்லையா? எங்கள் நாட்டு வாட்டுகளில் இது இன்னும் மோசம். கட்டிலோடு கட்டில் ஒட்டி இருக்கும், பார்க்க வருகிறவர்கள் ஓடிக்கொலோன், தைலம், பவுடர் எல்லாம் கொண்டு வருவார்கள். ஒருவர் பூசினால் வரிசை முழுவதும் மணக்கும்.

சரி, உங்கள் மூக்குக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை? ஒரே மணம் தொடர்ந்து இருந்தால் மூக்கு சில நிமிடங்களில் அதைக் கணக்கெடுப்பதை நிறுத்திவிடும். மீன் சந்தையில் நிற்கிறவருக்கு மீன் மணம் தெரியாதது போல. அதனால் பராமரிக்கிறவர்கள் மணம் குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு துளி விடுவார்கள். நான் பார்த்த வீடுகளில் அநேகமாக எல்லாரும் செய்கிற பிழை இதுதான். அறையில் எவ்வளவு மணம் இருக்கிறது என்று அறிய வேண்டும் என்றால், வெளியில் போய் ஒரு பத்து நிமிடம் காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வாருங்கள். வாசலில் கால் வைத்ததும் மணம் அடித்தால் நோயாளிக்கு அது மிக அதிகம்.

அம்மாவின் மூக்கும் அப்படிப் பழகிவிடாதா என்று கேட்பீர்கள். மணம் என்கிற உணர்வு பழகும், எரிச்சல் அப்படிப் பழகாது. மூக்கில் மணத்துக்கான நரம்பைத் தவிர இன்னொரு நரம்பும் இருக்கிறது, அது கண்ணுக்கும் போகும். முகத்தில் தொடுதல், வலி, குளிர், காரம் எல்லாவற்றையும் உணர்த்துவது அது. வெங்காயம் வெட்டும்போது கண் எரிவதும், தைலம் முகர்ந்தால் மூக்குக் குளிர்வதும் அதன் வேலை. தைலத்திலும் யூக்கலிப்டஸிலும் கற்பூரத்திலும் இருக்கிறவை நேரே அதைத்தான் தட்டும். புகையும் அப்படித்தான். மூடிய அறையில் மணிக்கணக்காக அது தட்டிக்கொண்டே இருந்தால் தலையிடி, கண் எரிவு, தொண்டைக் கரகரப்பு வரும், முட்டு உள்ளவருக்கு இழுக்கும். அம்மாவின் தலையிடிக்கு முதலில் நான் சந்தேகப்படுவது சாம்பிராணிப் புகையை. லவண்டரிலும் வித்தியாசம் உண்டு. லவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற செடியின் எண்ணெயில் கற்பூரச் சத்து மிகக் குறைவு; லவண்டின் என்ற மலிவான கலப்பினத்தில் அது கூட. போத்தலில் செடியின் பெயரே இல்லாமல் வெறுமனே லவண்டர் வாசனை என்று இருந்தால், அது செடியிலிருந்து எடுத்ததாகவே இல்லாமலும் இருக்கலாம்.

இனிப் பிரட்டல். இதில் மூக்கோடு ஞாபகமும் சேர்கிறது. கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் மூளையில் ஒரு இடத்தில் தங்கித்தான் மற்ற இடங்களுக்குப் போகும். மணம் அப்படித் தங்காமல், பயத்தையும் நினைவையும் கவனிக்கிற பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் போய்விடும். அதனால்தான் ஒரு மணம் வந்ததும், என்ன என்று யோசிக்கும் முன்னரே மனம் எங்கோ போய் நிற்கிறது. கீமோ எடுத்தவர்களில் பலருக்கு வாட் வாசலில் ஸ்பிரிட் மணம் வந்தாலே, ஊசி போடும் முன்னரே, சத்தி வரும். உடம்பு மணத்தையும் பிரட்டலையும் முடிச்சுப் போட்டு வைத்துவிட்டது. நர்ஸ்மார் இதற்குப் பயந்துதான், கீமோ ஓடுகிற நேரத்தில் நோயாளிக்கு மிகவும் பிடித்த மணத்தைக் கொடுக்க மாட்டோம். பிடித்த மணமும் அந்த முடிச்சில் மாட்டிக்கொண்டால், பிறகு வாழ்நாள் முழுக்க அது சத்தி மணம்தான்.

உங்கள் வீட்டில் அந்த முடிச்சு இப்போது விழுந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். புண்ணின் வெடுக்கு, மோர்பினின் பிரட்டல், அதோடு லவண்டர். மூன்றும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். இன்னும் ஒரு கிழமை போனால் லவண்டர் போத்தலைக் கண்டாலே அம்மாவுக்கு ஓங்காளம் வரலாம்.

சாம்பிராணி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். எங்கள் ஊரில் சாம்பிராணி, ஊதுபத்தி, பன்னீர் மூன்றும் சேர்ந்து மணந்தால் அது எந்த வீடு? வெள்ளிக்கிழமைச் சுவாமி அறையும் அதுதான், செத்த வீடும் அதுதான். தனக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்த ஒரு பெண் படுக்கையில் கிடக்கும்போது, பின்னேரம் அந்தப் புகை வந்தால் அவர் எதை நினைப்பார் என்று எனக்குத் தெரியாது. சிலருக்குக் கோணேசர் கோயில் ஞாபகம் வந்து நிம்மதியாக இருக்கும். மூதூர்ப் பக்கம் நான் பார்த்த ஒரு ஐயா, “மிஸ்ஸி, இவங்கள் இப்பவே ஒத்திகை பார்க்கிறாங்கள்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தார்தான், ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் புகை காட்டவில்லை. அம்மாவிடம் கேளுங்கள். ‘நல்லாத்தானே இருக்கு’ என்று கேட்காதீர்கள், பிள்ளைக்காக ஓம் என்று சொல்லிவிடுவார். “இது உங்களுக்கு வேணுமா, நிறுத்தவா?” என்று கேளுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த மெஷினை நீங்கள் எதற்காகப் போட்டீர்கள்? அம்மாவின் நித்திரைக்காகவா, வெடுக்கை மறைக்கவா? இரண்டாவது என்றுதான் கடிதத்தை வாசிக்கும்போது எனக்குத் தோன்றியது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் வெடுக்கை மணத்தால் மூட முடியாது. இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்று வரும், அது இரண்டையும் விட மோசம். கக்கூசில் வாசனை ஸ்பிரே அடித்தால் என்ன வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

வெடுக்கு எங்கிருந்து வருகிறது? புற்றுப் புண்ணின் நடுவில் இரத்தம் போகாமல் செத்த சதை இருக்கும். காற்று இல்லாத இடத்தில் வளர்கிற பற்றீரியாக்கள் அதில் குடியேறி, சதையைச் சிதைத்து, நாற்றமுள்ள பொருட்களை விடும். அந்தப் பற்றீரியாவைக் குறைத்தால் வெடுக்குக் குறையும். அதற்கு உலகம் முழுக்க நர்ஸ்மார் பாவிப்பது மெட்ரோனிடசோல். 0.75 வீத ஜெல்லாக இருந்தால் புண்ணின் மேலேயே தடவலாம். ஜெல் கிடைக்காத இடங்களில், டொக்டர் எழுதித் தந்தால், குளிசையை நன்றாகப் பொடித்துப் புண்ணில் தூவுவார்கள். வாயால் குடித்தாலும் வேலை செய்யும், ஆனால் அதுவே வாயில் தகரச் சுவையையும் பிரட்டலையும் கொடுக்கும். அம்மா இருக்கிற நிலையில் மேலே போடுவதே நல்லது என்பது என் எண்ணம், முடிவு டொக்டருடையது. கிளினிக்குக்குப் போகும்போது “புண் மணக்கிறது, மெட்ரோனிடசோல் போடலாமா” என்று நீங்களாகவே கேளுங்கள். நோயாளியும் வீட்டாரும் வெட்கப்பட்டு வாய் திறப்பதில்லை, டொக்டரும் கட்டை அவிழ்க்காமல் அனுப்பிவிடுவார்.

கட்டை ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். ஊறி நிற்கிற கட்டுத்தான் பாதி வெடுக்கு. காலையில், சாப்பாட்டு நேரத்துக்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். வலிக்கு இடையில் குடிக்க மோர்பின் பாணி தந்திருந்தால், கட்டு அவிழ்க்க அரை மணித்தியாலம் முன்னர் கொடுக்கலாமா என்று கேட்டு வையுங்கள். கொதித்து ஆறிய அரை லீற்றர் தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் சேலைனுக்குக் கிட்ட வரும். அதை இளஞ்சூட்டில் ஊற்றி ஊறவிட்டுத்தான் பழைய கட்டை எடுக்க வேண்டும். காய்ந்த கட்டைப் பிடித்து இழுத்தால் இந்தப் புண் இலகுவில் இரத்தம் விடும். விட்டால் சுத்தமான துணியால் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. ஹைட்ரஜன் பெரொக்சைட் வேண்டாம், தேய்த்துக் கழுவவும் வேண்டாம். லவண்டர் ஒயிலைப் புண்ணில் விடலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். அவிழ்த்த கட்டை இரண்டு பொலிதீன் பைக்குள் போட்டு முடிந்து உடனே வீட்டுக்கு வெளியில் கொண்டுபோங்கள்.

புதுக் கட்டுக்கு மேலே கரி அடைத்த டிரெஸ்ஸிங் ஒன்று உண்டு, மணத்தைப் பிடித்து வைக்கும். நனைந்தால் அதன் வேலை போய்விடும் என்பதால் உறிஞ்சும் பஞ்சுக்கு மேலேதான் வைக்க வேண்டும். கட்டிலுக்குக் கீழே ஒரு தட்டில் சிரட்டைக்கரி வைக்கிற வழக்கமும் உண்டு. எங்கள் சிரட்டைக்கரியிலிருந்து கரி வடிகட்டிகளுக்கான பதப்படுத்திய கரி செய்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். அடுப்படிக் கரிக்கு அந்தச் சக்தி இல்லை. வைத்தால் கெடுதி இல்லை, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். யன்னல் அதைவிட நன்றாக வேலை செய்யும். கச்சான் காற்றுக் காலத்தில் பகல் முழுக்கத் திறக்க ஏலாது, உண்மைதான். அப்படியானால் காலையும் இரவும் திறந்து, மின்விசிறியை யன்னல் பக்கம் திருப்பி வையுங்கள், காற்று வெளியில் போகட்டும்.

இவ்வளவும் செய்து மூன்று நாட்களுக்கு அறையில் எந்த மணமும் வேண்டாம். சோப்பும் பவுடரும் வாசனை இல்லாததாக இருக்கட்டும். சாப்பாட்டை ஆறவைத்து, மூடி இல்லாமல், சிறிய கிண்ணத்தில் கொண்டு வாருங்கள். சூடான கறியின் ஆவியும், மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற மணமும் பிரட்டலுக்குப் போதும். மீன் பொரிக்கிற நாட்களில் அடுப்படிக் கதவைச் சாத்துங்கள். மூன்று நாட்களும் காலையும் மாலையும் பிரட்டல் பத்துக்கு எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

அந்த எண் ஏழிலிருந்து மூன்றுக்கு வந்தால் காரணம் பெரும்பாலும் மணம்தான். குறையவே இல்லை என்றால் மணத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். மோர்பின் தொடங்கிய அல்லது கூட்டிய முதல் கிழமையில் பிரட்டும், அதற்குக் குளிசை உண்டு. மோர்பினால் வருகிற மலச்சிக்கல் தானாகப் போகாது, அதுவும் பிரட்டும். கடைசியாக எப்போது மலம் போனது என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். மார்புப் புற்று எலும்புக்குப் போனவர்களுக்கு இரத்தத்தில் கல்சியம் ஏறலாம். தாகம், அடிக்கடி சலம், மலச்சிக்கல், நித்திரை மயக்கம், குழப்பமான பேச்சு இவை பிரட்டலோடு சேர்ந்து வந்தால் கிளினிக் நாள் வரும்வரை பொறுக்க வேண்டாம், அன்றைக்கே கொண்டுபோங்கள்.

பிரட்டல் அடங்கிய பிறகு, அம்மாவே விரும்பினால், வாட்டில் செய்வது போல ஒரு துளி முறையைச் செய்து பார்க்கலாம். அப்போதும் லவண்டரை எடுக்காதீர்கள், அதன் மேல் ஏற்கனவே கறை படிந்துவிட்டது. தேசிக்காய் பிடிக்கும் என்றால் ஒயில்கூட வேண்டாம். தோலில் ஒரு சீவல் சீவி, கோஸ் துணியில் சுற்றிக் கையில் கொடுங்கள். ஐந்து நிமிடம், பிறகு எடுத்துவிடுங்கள். பிரட்டல் பத்துக்கு எவ்வளவு என்று முதலும் கேளுங்கள், பிறகும் கேளுங்கள்.

அதைவிட நான் நம்புவது கையை நீவி விடுவதைத்தான். வலது கை மட்டும். இடது மார்பில் புற்று என்பதால் இடது கை வீங்கியிருக்கலாம், அதை நீவ வேண்டாம். அவர் வழக்கமாகப் பூசுகிற தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, பூனைக்குட்டியைத் தடவுவது போல மெதுவாக, ஐந்து நிமிடம். மணம் சேர்க்க ஆசைப்பட்டால் ஒரு தேக்கரண்டிக்கு ஒரே ஒரு துளி, அது ஒரு வீதம். அதற்கு மேல் ஹொஸ்பிஸிலும் போட மாட்டோம். கறுவா எண்ணெய் எங்கள் நாட்டுச் சரக்கு என்று எடுத்துவிடாதீர்கள், தோலை எரிக்கும்.

எண்ணெய்தான் முக்கியமா, கைதான் முக்கியமா? அவுஸ்திரேலியாவில் கதிர்ச் சிகிச்சை எடுத்த 313 பேருக்கு, சிகிச்சை நேரத்தில் முகரக் கொடுத்துப் பார்த்து, 2003இல் முடிவை வெளியிட்டார்கள். கடைசியில் பதற்றம் குறைவாக இருந்தது லவண்டர் கலந்த கூட்டத்துக்கு இல்லை, மணச்சத்து எதுவும் கலக்காத வெறும் அடிப்படை எண்ணெய் கிடைத்த கூட்டத்துக்கு. இங்கிலாந்தில் 288 புற்றுநோயாளிகளுக்கு மண எண்ணெயோடு கை கொண்டு நீவி விட்டுப் பார்த்ததில், ஆறாவது கிழமையில் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன, பத்தாவது கிழமையில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. 2007இல் வந்தது அது. எனவே இதனால் கிடைப்பது கொஞ்ச நாளைய ஆறுதல். எங்களிடம் வருகிற நோயாளிகளுக்குக் கொஞ்ச நாள் என்பது சின்ன விஷயம் இல்லை என்பதால்தான் நர்ஸ்மார் இதை விடாமல் செய்கிறோம். மருந்தைக் குறைக்கவோ, நோயைக் குறைக்கவோ அது உதவாது.

லவண்டர் போத்தலை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எங்கள் வெயிலில் மூடி திறந்து கிடந்தால் காற்றுப் பட்டு மாறிவிடும், பிறகு தோலில் பட்டால் சொறியும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். யூக்கலிப்டஸ், கற்பூர எண்ணெய் எல்லாம் ஒரு மிடறு குடித்தாலே பிள்ளைக்கு வலிப்பு வரலாம். பிறகு எப்போதாவது அம்மாவுக்கு ஒக்சிசன் வைக்க நேர்ந்தால், அந்த அறையில் சாம்பிராணித் தணலும் விளக்கும் கூடவே கூடாது, மூக்கைச் சுற்றி எண்ணெய், தைலம் எதுவும் பூசக் கூடாது, தீப்பற்றும்.

அக்காவுக்கு இதைச் சொல்ல உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ஏதாவது அனுப்பாமல் இருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். மெஷின் நல்லது, அம்மாவின் வயிற்றுக்குத்தான் இப்போது ஒத்துவரவில்லை என்று சொல்லுங்கள். அடுத்த பொதியில் கரி டிரெஸ்ஸிங் பத்தும், ஒட்டாத புண் டிரெஸ்ஸிங் கொஞ்சமும் போடச் சொல்லுங்கள். இங்கே அவை தேடித் திரிய வேண்டிய சாமான்கள், அங்கே மருந்துக் கடையிலேயே கேட்டு வாங்கலாம். 10 சென்றிமீற்றருக்கு 10 சென்றிமீற்றர் அளவு என்று எழுதுங்கள். புண் அதைவிடப் பெரிது என்றால் ஒரு பேப்பரில் சுற்றளவை வரைந்து படம் எடுத்து அனுப்புங்கள்.